ஆயாவுக்கு ஏன் மழை பிடிக்காது?

உப்பைப் பற்றி நம் குழந்தைகளுக்கு இரண்டே கதைகள்தான் சொல்லப்படுகின்றன. ஒன்று, 1930இல் காந்தி தண்டிக்கும் ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்த கதை. மற்றொன்று, கடல்நீர் வெயிலில் ஆவியாகி உப்பு மிஞ்சும் அறிவியல் பாடம். முதல் கதையில் உப்பைத் தலைவர்கள் அள்ளுகிறார்கள். இரண்டாவதில் சூரியனே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. பாத்திக்குள் நின்று உப்பு வாருகிறவர் இரண்டிலும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணத்தில் காரை நிறுத்தி எடுத்துக்கொள்ளும் படங்களிலும் பெரும்பாலும் வெள்ளைக் குவியல்கள்தான் இருக்கின்றன.

இந்த அளங்களில் ஆயுள் முழுக்க உழைத்தவர் என் அம்மா. என் மகளுக்கு அவர் ஆயா. அவளுக்கு வயது ஐந்து. விளக்கை அணைத்த பிறகுதான் அவளுக்குக் கேள்விகள் வரும். படக்கதைப் புத்தகம் ஒன்று எழுத வேண்டும் என்று தோன்றியபோது, கருவை நானாக யோசிக்காமல், அவள் கேட்டதை இரண்டு மாதம் குறித்துவைத்தேன். பெரும்பாலானவை ஒரு முறை கேட்டு மறந்தவை. மூன்று கேள்விகள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தன. சித்திரைப் பௌர்ணமிக்கு ஆயா ஏன் சீக்கிரமே கதவைச் சாத்துது? இவ்ளோ உப்பும் யாரோடது? ஆயாவுக்கு ஏன் மழை பிடிக்காது?

முதல் கேள்விக்கான பதில் 2013 ஏப்ரல் 25இல் இருக்கிறது. அந்தச் சித்திரைப் பௌர்ணமி நாளில்தான் மரக்காணத்தில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. இதை மறைக்கக் கூடாது. அவள் கேட்கும்போதெல்லாம் வாயால் சொல்கிறேன். ஆனால் ஐந்து வயதுக் குழந்தையின் படக்கதையாக இதை ஆக்கவில்லை. வாயால் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தலாம், மடியில் போட்டுக்கொள்ளலாம். புத்தகத்தில் எரியும் கூரையை வரைந்துவிட்டால், யாரும் இல்லாத நேரத்திலும் அந்தப் பக்கம் அவள் கையில் இருக்கும். தன் தெருவைத் தன் முதல் புத்தகத்தில் எரிந்த நிலையில் அவள் பார்க்க வேண்டியதில்லை. அது பத்து, பன்னிரண்டு வயதுக்கான புத்தகம்.

இரண்டாவது கேள்விதான் அரசியல் கேள்வி. அதற்கு அரசு நிலம், குத்தகை, வியாபாரி, கூலி என்று பதில் சொல்ல வேண்டும். இவற்றை நேரடியாக வரைய முடியாது. வரைந்தால் தொப்பை வைத்த முதலாளியும் எலும்பும் தோலுமான தொழிலாளியும்தான் வருவார்கள். அது கேலிச்சித்திரம். குழந்தை அதில் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது கேள்வியைத்தான் எடுத்தேன். எல்லாப் படக்கதைகளிலும் மழை மகிழ்ச்சிதான். குடை, காகிதக் கப்பல், தவளை. அளத்தில் மழை என்றால் வேலை போயிற்று என்று பொருள். இந்த முரணை விளக்க வேண்டியதில்லை, வரைந்தால் போதும். வரைவதற்கு வேலையைத் தெரிந்திருக்க வேண்டும்.

மழைக்காலம் முடிந்து ஜனவரியில் பாத்தியைச் செப்பனிடுவார்கள். களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பில் சேறு கலக்கும். உப்பங்கழி நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்திக் காயவிடுவார்கள். கடல்நீரின் அடர்த்தி சுமார் 3 டிகிரி. அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்டி 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு பூக்கும். 30 டிகிரிக்கு மேல் விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். அதற்குள் பலகையால் இழுத்து வாரி, வரப்பில் குவித்து, அங்கிருந்து சுமந்துபோய் மேட்டில் கொட்ட வேண்டும். இத்தனைக்கும் பிறகு கோடையில் ஒரு மாலை இடி இடித்து நல்ல மழை பெய்தால் பாத்தியில் பூத்தது அப்படியே கரைந்துவிடும். நீர் மறுபடி நீர்த்துவிடும், மிதித்த தரை இளகிவிடும். திரும்ப உப்பு எடுக்க நாட்கள் பிடிக்கும். அந்த நாட்களில் கூலி இல்லை. அக்டோபரில் பருவமழை தொடங்கினால் மாதக்கணக்கில் இல்லை. அந்த மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியதே 2022இல்தான்.

படக்கதைக்குப் பொதுவாக 32 பக்கம். அச்சுத்தாள் 16 பக்கமாக மடிவதால் வந்த கணக்கு அது. தலைப்புப் பக்கம் முதலியவை போக, எதிரெதிர் பக்கங்களாகப் பதினான்கு காட்சிகள் கிடைக்கும். முதல் ஏழு காட்சிகளில் ஜனவரியிலிருந்து மே வரை உப்பு விளைகிறது. ஆயாவின் கால்கள் எல்லாப் பக்கத்திலும் உண்டு. எட்டாவதில் உப்பு பூத்துவிட்டது. வானத்தின் ஓரத்தில் ஒரு கருமேகம். ஒன்பதாவது காட்சியைப் பேத்திக்கும் ஆயாவுக்கும் சரிபாதியாகப் பிரித்தேன். இடப்பக்கம் பள்ளி வாசலில் பேத்தி மழையில் குதிக்கிறாள். வலப்பக்கம் ஆயா வெறும் தண்ணீராகிப்போன பாத்தியைப் பார்த்து நிற்கிறார். அங்கே எழுத்தே கிடையாது. பத்தாவதில் மேட்டில் தார்ப்பாய் போட்டு மூடிய குவியல், அது நனையவில்லை. அதன்மேல் யாருடைய பெயரும் எழுதப்படவில்லை.

படமே வாதத்தைச் செய்ய முடியும் என்பதற்கு நம்மிடம் நல்ல முன்னுதாரணம் உண்டு. அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பீமாயணா’ 2011இல் வந்தது. கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் அதில் வன்மமான பேச்சைத் தேள் கொடுக்கு கொண்ட குமிழ்களுக்குள்ளும், இதமான பேச்சைப் பறவை வடிவக் குமிழ்களுக்குள்ளும் வைத்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும் எந்தச் சொல் கொட்டுகிறது என்று தெரியும். அதற்கு முன்பே, 2007இல், காஞ்சா அய்லய்யா குழந்தைகளுக்காக எழுதிய உழைப்பின் மாண்பு பற்றிய நூலுக்கும் துர்காபாய்தான் படம் வரைந்தார். குயவர், சலவைத் தொழிலாளர், தோல் தொழிலாளர் எல்லோரும் அதில் அறிவும் நுட்பமும் உடையவர்களாக வருகிறார்கள். இரக்கத்துக்குரியவர்களாக வரவில்லை.

நம் புத்தகங்கள் வழுக்கும் இடம் இந்த இரக்கம்தான். கடைசிப் பக்கத்தில் பேத்தி ஆயாவின் வெடித்த பாதத்தைத் தடவிக் கண்ணீர் விடுவாள். அல்லது நல்ல மனம் படைத்த ஒரு பணக்காரச் சிறுமி வந்து ஆயாவின் கையைப் பிடிப்பாள். இல்லையென்றால் ‘உப்பைத் தின்னும்போது அவர்களை நினைப்போம்’ என்று ஒரு வரி வரும். மூன்றுமே கேள்வியைக் கொன்றுவிடுகின்றன. நினைத்துக்கொள்வதால் கூலி உயராது.

கரட்டுப் படங்களைக் கோத்துத் தெருப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவதுதான் சோதனை. முடிந்ததும் “ஆயா பாவம்” என்றார்களானால் நான் எழுதியது இரக்கக் கதை. திருப்பி எழுத வேண்டும். முதல் சுற்றில் அப்படித்தான் சொன்னார்கள். ஒன்பதாவது காட்சியில் ஆயா அழுதுகொண்டிருந்தார். கண்ணீரை எடுத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நிற்கவைத்தேன். தார்ப்பாய்க் காட்சியையும் அதற்குப் பிறகுதான் சேர்த்தேன். இரண்டாம் சுற்றில் ஒரு பையன் பத்தாவது காட்சியில் விரலை வைத்து, “இது மட்டும் ஏன் கரையல? இது யாரோடது?” என்றான்.

வரைய முடியாது என்று ஒதுக்கிவைத்த இரண்டாவது கேள்வி அது. அதற்கான பதில் புத்தகத்தில் இல்லை, வைக்கப்போவதும் இல்லை. அதைப் பெரியவர்கள் வீட்டிலும் சங்கத்திலும் சொல்லட்டும். படித்துக் காட்டுகிற கூலிக்காரத் தாயோ தகப்பனோ அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தன் அனுபவத்திலிருந்து பேசியாக வேண்டும்.