புறங்கூறலின் மறுபக்கம்

புறங்கூறல் இழுக்கென நீதிநூல்கள் இடித்துரைத்தும், வேலியோரத்திலும் கந்தோரிலும் அது ஓய்ந்தபாடில்லை. காரணம் யாது? 2012இல் பேர்க்கிலிப் பல்கலைக்கழக உளவியலாளர் ஒரு பண விளையாட்டை நடத்தினர். நம்பித் தந்தவனுக்கு ஒன்றும் திருப்பாது முழுதையும் ஒருவன் சுருட்டிக்கொள்வதைக் கண்டோரின் நெஞ்சு படபடத்தது. அடுத்து ஆடுபவருக்கு எச்சரிக்கைக் குறிப்பொன்று எழுத இடமளித்ததும் மனக்கொதிப்புத் தணிந்தது. கைப்பொருளை இழந்தேனும் எழுத முன்வந்தோரும் உளர். அயலில் சீட்டுப் பிடிப்போரின் நாணயத்தைக் காப்பதும் இத்தகைய பேச்சே.

ஆயின் 2007இல் வெளிவந்த மற்றோர் ஆய்வையும் நோக்குக. பிறர் முன்னர் கொடுத்ததும் மறுத்ததும் கண்ணெதிரே இருக்கவும், காதில் விழுந்த சொல்லே பலரின் முடிவை அசைத்தது. கந்தோரில் ஒருவரது பதவியுயர்வைத் தீர்மானிப்போர், தேநீர் வேளையில் கேட்டதை ஒதுக்கிவைத்துக் கோவையை மறுமுறை வாசிப்பாராக.