“அது இருக்கிறது, அவ்வளவுதான்” என்பது விடையா?

மட்டாஞ்சேரியில் சென்ற வாரம் நடந்த ஒரு சிறு கலந்துரையாடலில், பிரபஞ்சத்திற்கு மேற்கொண்டு விளக்கம் தேவையா என்ற கேள்வி எழுந்தது. “அது இருக்கிறது, அவ்வளவுதான்” என்றார் ஓர் ஆய்வு மாணவர். அரங்கம் கைதட்டியது. அந்தக் கைதட்டலோடு எனக்கு உடன்பாடில்லை. நான் இறைநம்பிக்கையாளனாக இருந்து இதைச் சொல்லவில்லை. ஒரு வாதத்தைக் கேட்காமலே அதை வென்றுவிட்டதாக நாம் எண்ணிக்கொண்டோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த இடத்திலிருந்து சில நிமிட நடையில், 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதப் பள்ளி இருக்கிறது. அங்குள்ள தோரா சுருள்களை எண்ணிப் பாருங்கள். தோராவை நினைவிலிருந்து எழுதுவது மரபில் விலக்கப்பட்டது. எழுத்தர் முந்தைய படி ஒன்றைப் பார்த்தே எழுத வேண்டும். ஆகவே ஒவ்வொரு சுருளுக்கும் அதற்கு முந்தைய சுருள் விளக்கமாகிறது. இப்போது இந்த வரிசைக்குத் தொடக்கமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சுருளைச் சுட்டினாலும் விளக்கம் கிடைக்கும். ஆனால் ஏன் இந்தச் சொற்கள், ஏன் வேறு சொற்கள் அல்ல, ஏன் சுருள் என்ற ஒன்று இருக்கவே வேண்டும் என்ற கேள்விகள் தொடப்படாமலே நிற்கும். 1697இல் லைப்னிட்ஸ், ஒன்றைப் பார்த்து ஒன்றாகப் படியெடுக்கப்படும் வடிவியல் நூல்களைக் கொண்டு காட்டியதும் இதுவே. அவருடைய வாதம் காலத்தில் முதலாவது எது என்று தேடுவதன்று. இல்லாமலும் போயிருக்கக்கூடிய ஒன்று ஏன் இருக்கிறது என்று கேட்பது. எனவே “பிரபஞ்சம் அநாதியானது” என்பது அதற்கு மறுப்பாகாது.

1948இல் பிபிசி வானொலியில் கோப்பிள்ஸ்டனோடு வாதிட்ட ரஸ்ஸல் வேறொரு மறுப்பை முன்வைத்தார். ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு. அதனால் மனித இனத்திற்கு ஒரு தாய் உண்டென்று ஆகாது என்றார். பகுதிக்குரியதை முழுமைக்கு ஏற்றுவது பிழை என்பது சரியே. ஆனால் சுருள் வாதம் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு சுருளுக்கும் எழுத்தர் இருப்பதால் வரிசைக்கும் ஓர் எழுத்தர் உண்டென்று அது சொல்லவில்லை. வரிசை முழுவதும் வேறுவிதமாக இருந்திருக்கலாம் என்பதை நேரடியாகக் கண்டு, ஏன் இப்படி என்று கேட்கிறது. ரஸ்ஸலின் அம்பு வேறொரு பறவையின் மேல் விழுந்தது.

வலுவான மறுப்பு வேறு. அதைத்தான் அந்த மாணவர் சொல்லியிருக்க வேண்டும். இல்லாமலும் போயிருக்கக்கூடிய உண்மைகள் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டுங்கள். அந்த மூட்டைக்கு விளக்கம் எது? அதுவும் அப்படிப்பட்ட உண்மையே என்றால், அது மூட்டைக்குள் இருந்துகொண்டு தன்னையே விளக்க வேண்டும். அது தவிர்க்கவே முடியாத உண்மை என்றால், அது உறுதிசெய்யும் அனைத்தும் தவிர்க்க முடியாதவையாகிவிடும். மூட்டையில் ஒன்றும் மிஞ்சாது. பீட்டர் வான் இன்வாகன் 1983இல் வளர்த்தெடுத்த வாதம் இது. எல்லாவற்றுக்கும் போதிய காரணம் உண்டு என்ற கோட்பாட்டை முழு வலிமையோடு ஏற்பவர், உலகம் இம்மியும் வேறுபட்டிருக்க முடியாது என்பதையும் ஏற்க நேரிடும். இது அற்பமான விலையன்று.

ஆனால் கோட்பாட்டைத் தளர்த்துபவரும் விலை தர வேண்டும். ஆய்வகத்தில் ஓர் அளவீடு பிறழ்ந்தால் “அப்படித்தான்” என்பதை நாம் ஏற்பதில்லை. பிரபஞ்சத்திடம் மட்டும் ஏற்பதென்றால், எந்த எல்லையில், எந்த வேறுபாட்டால் என்று சொல்ல வேண்டும். பெரியது என்பது வேறுபாடாகாது. எல்லையைக் காட்டியவருக்கு “அவ்வளவுதான்” என்பது ஒரு முடிவு; காட்டாதவருக்கு அது வெறும் சோர்வு.

மறுபக்கத்தாருக்கும் ஒரு சொல். அன்று எழுந்து, 13ஆம் நூற்றாண்டிலேயே சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தில் மெய்கண்டார் இதைத் தீர்த்துவிட்டார் என்றவருக்கு அந்த நூலே துணை நிற்காது. தோன்றி, நின்று, ஒடுங்கும் உலகுக்கு ஒரு கருத்தா வேண்டும் என்பது அச்சூத்திரத்தின் வாதம். ஆனால் சித்தாந்தத்தில் பதி மட்டுமன்றிப் பசுவும் பாசமும் அநாதி. இறைவன் மாயையிலிருந்து உலகைத் தோற்றுவிக்கிறான், மாயையைப் படைப்பதில்லை. மாயை ஏன் இருக்கிறது என்று கேட்டால், சித்தாந்தியும் “அநாதியே உள்ளது” என்றுதான் நிறுத்துவார். லைப்னிட்ஸின் கேள்வி அவருடையதன்று. சுருள் வாதமே வென்றாலும், அது தருவது தவிர்க்க முடியாத ஓர் அடிப்படையை மட்டுமே. அது அருளுமா, வழிபாட்டை ஏற்குமா என்பதற்குத் தனி வாதங்கள் வேண்டும்.

எங்கே நிறுத்துகிறோம் என்பதில் இரு தரப்பும் வேறுபடலாம். ஏன் அங்கே நிறுத்துகிறோம் என்பதைச் சொல்லும் கடன் இருவருக்கும் உண்டு. அன்று அந்தக் கடனை இருவருமே தீர்க்கவில்லை. நாமோ கைதட்டிவிட்டு எழுந்து வந்தோம்.