முதல் முப்பது நாளும் குளவிக் கொட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்புறுதி போட்டவர்களும் போட யோசிப்பவர்களும் கடைசி வரை வாசியுங்கள்.

"காப்புறுதி போட்டு முதல் மாசம் எதுக்குமே காசு கிடைக்காது." கடையிலும் பஸ்ஸிலும் இதைத்தான் சொல்கிறார்கள். சில ஏஜென்ட்மாரும் இதையே சொல்லி அனுப்புகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி பொய். அந்தப் பொய்யை நம்பி, வர வேண்டிய காசைக் கேட்காமலே விடுவது நம் ஆட்கள்தான்.

முப்பது நாள் காத்திருப்புக் காலம் என்பது நோய்க்குத்தான். விபத்துக்கு இல்லை. இந்தியாவில் மருத்துவக் காப்புறுதிப் பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வாசகத்தை அவர்களுடைய ஒழுங்குபடுத்தும் ஆணையமே எழுதிக் கொடுத்திருக்கிறது. முதல் பத்திரம் தொடங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் எந்த நோய்க்குச் சிகிச்சை எடுத்தாலும் செலவு கிடையாது, விபத்தால் வரும் கோரிக்கைக்கு மட்டும் இது பொருந்தாது என்பதே அதன் சாரம். நம் நாட்டில் வாசகமும் நாள் கணக்கும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே உங்கள் பத்திரத்தில் "காத்திருப்புக் காலம்" என்ற பகுதியைத் தேடி, விபத்து பற்றி அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஏஜென்ட்டின் வாய்ச்சொல் ஒப்பந்தம் இல்லை.

"அப்படியென்றால் நோய்க்கு மட்டும் ஏன் காக்க வைக்கிறான்? அது ஏமாற்று இல்லையா?" என்று கேட்பீர்கள். நம்ம ஊர் மரண உதவிச் சங்கத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது ஓடிவந்து சந்தா கட்டி, மறுவாரமே உதவிப் பணம் கேட்டால் சங்கம் என்னத்துக்கு ஆகும்? பத்து வருஷம் சந்தா கட்டியவன் காசுதான் போகும். காப்புறுதியும் பலர் சேர்த்து வைக்கும் ஒரே பெட்டிதான். நோய் வருமுன் உடம்பு சொல்லிவிடும். டெங்கு நுளம்பு கடித்தால் காய்ச்சல் தெரிய 4 முதல் 10 நாள் வரை ஆகும். எலிக்காய்ச்சல் சில சமயம் ஒரு மாதம் வரைகூட உடம்புக்குள் பதுங்கியிருக்கும். உடம்பு அலுப்பாக இருக்கிறதே என்று தோன்றியவுடன் போய்ப் பத்திரம் எடுப்பவனைத் தடுக்கத்தான் அந்த முப்பது நாள். அதை நான் நியாயம் என்றே சொல்வேன்.

விபத்து அப்படியில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. அன்று காலையில் ஏறியவர்களில் யாருக்காவது அது முதல் நாள் தெரியுமா? தெரிந்து யாராவது காப்புறுதி போட்டிருக்க முடியுமா? முன்கூட்டியே தெரிந்து ஏமாற்ற வழியில்லாத இடத்தில் காக்க வைக்கவும் காரணமில்லை. விபத்துக்கு விலக்கு வந்தது இதனால்தான். யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை இல்லை அது.

அடுத்த சண்டை, எது விபத்து என்பது. திடீரென்று, எதிர்பாராமல், நாம் விரும்பாமல், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற ஒன்றால் உடம்புக்குக் கேடு வந்தால் அது விபத்து. மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கலைந்து கொட்டினால் இந்தச் சொற்கள் எல்லாமே பொருந்தும். லயத்துப் படியில் வழுக்கி விழுந்து கை முறிந்தாலும் அப்படியே. ஆனால் வருஷக்கணக்காகக் கொழுந்துச் சாக்கு சுமந்து இடுப்பு வலி வந்தால் அது நோய்க்கணக்கில்தான் போகும். மாரடைப்பு வந்து அதனால் விழுந்தாலும் முதலில் வந்தது நோய் என்றுதான் வாதாடுவார்கள்.

குளவி கொட்டினால் விபத்து என்றால் நுளம்பு கடித்தால்? இந்தக் கேள்வி இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருவர் மொசாம்பிக்கில் தேயிலைத் தொழிற்சாலை மனேஜராக இருந்தார். 2012இல் அங்கேயே மலேரியாவில் இறந்தார். வீட்டுக் கடனோடு அவர் எடுத்திருந்த காப்புறுதி, விபத்து மரணத்துக்குப் பணம் தரும் என்றது. நுளம்புக் கடி எதிர்பாராதது, அதனால் இது விபத்து என்று மனைவி வழக்குப் போட்டார். நுகர்வோர் மன்றங்கள் அவர் பக்கம் நின்றன. 2019 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. மூன்றில் ஒருவருக்கு மலேரியா வரும் நாட்டில் நுளம்பு கடித்து மலேரியா வருவதை எதிர்பாராதது என்று சொல்ல முடியாது, அது நோயின் வழக்கமான போக்கு என்றார்கள்.

அந்த விதவையை நினைத்தால் எனக்கும் மனம் கஷ்டம்தான். ஆனால் தீர்ப்பில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. குளவி கொட்டினால் கொட்டிய அந்த நிமிஷமே காயம். நுளம்பு கடித்தால் நோய் பிறகு உள்ளே வளர்கிறது. எலிக்காய்ச்சலும் அப்படித்தான். காலில் வெட்டுக்காயம் வழியாக நுழைந்தாலும் அதைக் காய்ச்சலாகவே பார்ப்பார்கள்.

இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். பத்திரம் ஜூன் 1ஆம் திகதி தொடங்குகிறது, காத்திருப்பு 30 நாள், ஆஸ்பத்திரியில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் பணம் தரும் வகை என்று வையுங்கள். ஜூன் 12இல் அக்காவுக்குக் குளவி கொட்டிப் பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று நாள். பத்திரம் விபத்தை விலக்கியிருந்தால் அந்த மூன்று நாளுக்கும் கேட்கலாம். அதே ஜூன் 12இல் தம்பிக்கு டெங்கு. அவருக்கு இல்லை. ஜூலையில் புதிதாக டெங்கு வந்தால் அவருக்கும் உண்டு. கணக்கு தொடங்குவது பத்திரத்தில் போட்டிருக்கும் திகதியில். படிவத்தில் கையெழுத்து வைத்த நாளில் இல்லை. தவணை கட்டாமல் பத்திரம் காலாவதியாகிப் பிறகு புதுப்பித்தால், பல பத்திரங்களில் முப்பது நாளும் திரும்ப முதலிலிருந்து ஓடும்.

உரிமை இருந்தும் காசு போவது பெரும்பாலும் கடதாசியில்தான். ஆஸ்பத்திரியில் சேரும்போது "கால் வலிக்குது" என்று மட்டும் சொன்னால் டிக்கட்டில் அதுதான் ஏறும். டயக்னோசிஸ் கார்டிலும் வீக்கம், வலி என்றுதான் வரும். முதல் மாதக் கோரிக்கையைத் தள்ளிவிட அது போதும். "இன்றைக்குக் காலை ஏழு மணிக்கு மலையில் வழுக்கி விழுந்தேன்", "குளவி கொட்டியது" என்று நேரம், இடம், காரணத்தோடு டொக்டரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வருமுன் கார்டில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேலை நேரத்தில் நடந்தால் தோட்டத்துப் பதிவிலும் போடச் சொல்லுங்கள். ரோட்டு விபத்தென்றால் பொலிஸ் முறைப்பாடு வேண்டும். கம்பெனிக்கு அறிவிக்க வேண்டிய கெடுவும் பத்திரத்திலேயே இருக்கும், அதைத் தாண்ட விடாதீர்கள்.

"முதல் மாசம் எதையும் கொண்டு வராதீங்க" என்று சொல்லும் ஏஜென்ட் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. தவணைக் காசு வாங்க லயத்துக்கு லயம் ஏறி இறங்குகிறீர்கள். விபத்துக்குக் காத்திருப்பு இல்லை என்ற ஒரு வசனத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "இன்றைக்கே எல்லாத்துக்கும் கிடைக்கும்" என்று விற்பதும் அதே அளவு பொய்தான். சொல்லாமல் மறைத்து விற்ற சரக்கில் பரக்கத் இருக்காது.

கோரிக்கையை மறுத்தால் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். காத்திருப்புக் காலம் என்று பதில் வந்தால், விபத்து விலக்கு இருக்கும் வரியைக் காட்டித் திருப்பி எழுதுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கோ இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கோ முறையிடலாம். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் பத்திரத்தையும் டயக்னோசிஸ் கார்டையும் எடுத்துக்கொண்டு ஸ்கூல் விட்ட பிறகு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.