படம் தடயம்தான், தீர்ப்பு அல்ல

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, பிரதமர் நரேந்திர மோடி வானிலிருந்து சேதத்தைப் பார்வையிட்டார். அப்போது எடுத்த படங்களை மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் வெளியிட்டது. அவற்றுள் ஒரு படத்தில், பிரதமர் எட்டிப் பார்க்கும் ஜன்னலுக்கு வெளியே வெள்ளம் சூழ்ந்த கட்டடங்கள் பளிச்சென்று தெரிந்தன. பறக்கும் உயரத்துக்கு அவை மிக அருகில் இருந்தன. மூடுபனி போன்ற மங்கல் எதுவும் அவற்றின்மேல் படியவில்லை. ஜன்னலுக்கு உள்ளே ஒரு வெளிச்சம், வெளியே வேறொரு வெளிச்சம். பார்த்தவர்கள் ‘ஒட்டுவேலை’ என்றார்கள். அதே காட்சியின் திருத்தப்படாத படமும் பொதுவெளியில் இருந்தது. அதில் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் மங்கலாகவே இருந்தது. அந்த அலுவலகம் படத்தை நீக்கியது. இரண்டு படங்களை இணைத்ததை ஒப்புக்கொண்டு வருத்தமும் தெரிவித்தது.

இதில் இரண்டு செய்திகள் உண்டு. சந்தேகத்தைக் கிளப்பியது கண். அதை உறுதிசெய்தது மூலப்படமும் வெளியிட்டவரின் ஒப்புதலும். அடுத்தது, படம் பொய்யானதால் பயணம் பொய்யாகிவிடவில்லை. பிரதமர் வந்ததும் பார்த்ததும் உண்மை. படம் திருத்தப்பட்டதா என்பது ஒரு கேள்வி, படம் சொல்லும் செய்தி உண்மையா என்பது வேறொரு கேள்வி. இன்று கைபேசியில் வரும் ஒவ்வொரு படத்தையும் வைத்துக்கொண்டு நடக்கும் சண்டைகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

திருத்தத்தின் அடையாளங்களைத் தேடுவது வீண்வேலை என்று நாம் சொல்லவில்லை. ஒட்டிய உருவத்தின் விளிம்பு கத்தரித்ததுபோல் கூர்மையாகவோ இயல்புக்கு மாறாகக் குழைந்தோ இருக்கும். கூட்டத்தைப் பெரிதாகக் காட்ட நகலெடுத்திருந்தால், ஒரே முகமோ ஒரே புகைச்சுருளோ இரண்டு இடங்களில் வரும். தலையை மாற்றியிருந்தால், முகத்தில் படும் வெளிச்சம் ஒரு பக்கமிருந்தும் சட்டையில் படும் வெளிச்சம் மறுபக்கமிருந்தும் வரும். பின்னணியில் இருக்கும் கதவு நிலையோ தரை ஓட்டின் கோடோ ஒருவரின் இடுப்பருகே மட்டும் வளைந்திருந்தால், அங்கே யாரோ கைவைத்திருக்கலாம். இவையெல்லாம் நின்று கேள்வி கேட்கத் தகுந்த இடங்கள். ஆனால் அங்கேயே தீர்ப்பும் எழுதிவிடுவதுதான் தவறு.

ஏன் தவறு என்பதற்கு லீ ஹார்வி ஆஸ்வால்டின் கொல்லைப்புறப் படத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட அவர், 1963 மார்ச்சில் டல்லஸ் நகர வீட்டின் பின்புறம் துப்பாக்கியுடன் நிற்கும் படம் அது. மூக்கின் நிழல் நேராகக் கீழே விழுகிறது, உடலின் நிழலோ சாய்ந்து பக்கவாட்டில் விழுகிறது. ஆகவே வேறொருவர் உடலில் தலையை ஒட்டியிருக்கிறார்கள் என்று பல்லாண்டுகளாக வாதாடினார்கள். படத்தைப் பார்க்கும் யாருக்கும் அது நியாயமாகவே படும். 2009-இல் டார்ட்மவுத் கல்லூரியின் ஹானி ஃபரீத், ஆஸ்வால்டின் தலையைக் கணினியில் முப்பரிமாண உருவமாக்கி, ஒரே ஒரு சூரியனை வைத்துப் பார்த்தார். மூக்கு நிழலும் உடல் நிழலும் படத்தில் இருப்பது போலவே விழுந்தன. நிழல் பொய் சொல்லவில்லை. நிழலைக் கண்ணால் கணிக்கும் திறமை நமக்கு இருப்பதாக நினைத்ததுதான் பொய்.

அந்த ஆய்வு நிழல்மீதான சந்தேகத்தை மட்டுமே நீக்கியது. படத்துக்கு உண்மையான பலம் வேறு இடத்திலிருந்து வெகுகாலம் முன்பே கிடைத்திருந்தது. வாரன் ஆணையத்திடம் நெகட்டிவ் ஒன்று இருந்தது. அது எந்த கேமராவில் எடுக்கப்பட்டது என்பதை எஃப்.பி.ஐ. ஒப்பிட்டுக் கண்டறிந்தது. எடுத்தவர் தாமே என்று ஆஸ்வால்டின் மனைவி மரீனா சாட்சியம் அளித்தார். நெகட்டிவ், கேமரா, எடுத்தவர் ஆகிய மூன்றும் படத்துக்கு வெளியே இருப்பவை.

இன்று நம் கைக்கு வரும் படங்களில் இந்த மூன்றும் பெரும்பாலும் இருப்பதில்லை. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் ஒரு படத்தை அனுப்பினால், அது சுருக்கப்படுகிறது; எடுத்த நேரம், இடம், கேமரா ஆகிய விவரங்கள் கழன்றுவிடுகின்றன. நாலு கை மாறி, நடுவில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவிட்டால், திருத்தத்தின் நுண்ணிய தடயங்கள் அழிந்துபோகும். அதேசமயம், சுருக்கியதால் விளிம்புகளில் வரும் கட்டம் கட்டமான பிசிறு, தொடப்படாத படத்தையும் ஒட்டுவேலை போலக் காட்டும். கைபேசியே ஒரு கணத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கித் தருவதும் உண்டு; அசைந்த கை அதில் இரட்டையாகத் தெரியலாம். இதில் யாருடைய சூதும் இல்லை. ஆக, அடையாளம் தென்படாததால் படம் சுத்தம் என்றும் சொல்ல முடியாது, தென்பட்டதால் மோசடி என்றும் சொல்ல முடியாது.

இனி, ஒரு புள்ளிகூடத் திருத்தப்படாத படத்துக்கு வருவோம். 2017 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பாகிஸ்தான் தூதர் மலீஹா லோதி, முகமெல்லாம் காயத்துடன் இருக்கும் ஒரு சிறுமியின் படத்தை உயர்த்திக் காட்டி, காஷ்மீரில் பெல்லட் குண்டுகள் செய்ததைப் பாருங்கள் என்றார். அந்தப் படம் 2014-இல் காஸாவில் ஹெய்டி லெவின் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்தது. நிழலையும் விளிம்பையும் எத்தனை நாள் ஆராய்ந்திருந்தாலும் குறை கண்டுபிடித்திருக்க முடியாது, ஏனெனில் படத்தில் குறையே இல்லை. எடுத்தவர் பெயருடன் அது முன்பே வெளியாகியிருந்ததால் குட்டு உடைந்தது. பழைய கலவரப் படத்தை நேற்று நடந்தது என்று பரப்புகிறவர்களுக்கும் போட்டோஷாப் தேவைப்படுவதில்லை. தலைப்பை மாற்றினால் போதும்.

சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைப்பவரிடம் சான்றிதழ் கேட்கிறது. எந்தக் கருவியிலிருந்து வந்தது என்பதோடு, கோப்பின் ‘ஹேஷ்’ எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். நிபுணரும் கையொப்பமிட வேண்டும். கோப்பில் பின்னர் எதையாவது மாற்றினால் அந்த எண் மாறிவிடும். ஆனால் அந்த எண்ணைக் குறித்த நாள் முதல் கோப்பு மாறவில்லை என்பதற்குத்தான் இது காப்பு. அதற்கு முன் அதில் என்ன செய்யப்பட்டது, காட்சி எங்கே நடந்தது என்பதற்கு அல்ல. அதை எடுத்தவரும் அருகிலிருந்தவர்களும்தான் சொல்ல வேண்டும்.

நீதிமன்றம் கேட்கும் இந்தக் குறைந்தபட்சத்தைக்கூடக் கேட்காமல், வெளியே தண்டனைகள் வழங்கப்படுகின்றன. ஃபார்வர்டாக வந்த ஒரு படத்தை நம்பி ஊழியரை இடைநீக்கம் செய்வதும், மாணவரை வெளியேற்றுவதும், ஒரு பெண்ணை வீட்டுக்குள் விசாரணைக் கைதியாக்குவதும் நிறுத்தப்பட வேண்டும். புகார் கொடுப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது மூலக் கோப்பு. அதை எடுத்த கைபேசியிலிருந்தே, வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். எடுத்தவர் யார், எப்போது, எங்கிருந்து என்று கேட்க வேண்டும். அதே இடத்தில் வேறு யாராவது எடுத்த படம் உண்டா என்று தேட வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் ‘உறுதிசெய்ய முடியவில்லை’ என்று எழுதி நிறுத்திக்கொள்ள வேண்டும். சிவப்பு வட்டம் போட்டு ‘போலி’ என்று முத்திரை குத்தவும் கூடாது. தவறு செய்தவரே தம் உண்மையான படத்தை ‘மார்ஃபிங்’ என்று சொல்லித் தப்பிக்க அந்த முத்திரைதான் வழி திறந்துவிடுகிறது.

அரசு அலுவலகங்களும் கட்சிகளும் வெளியிடும் படங்களுக்கும் இதே அளவுகோல்தான். எடுத்தவர் பெயர், நேரம், இடம் ஆகியவற்றுடன் படத்தைத் தர வேண்டும்; கேட்டால் மூலக் கோப்பைக் காட்ட வேண்டும். காட்ட மறுக்கும் படத்தை எந்த நாளிதழும் ஆதாரம் என்று அச்சிடக் கூடாது. இந்த நாளிதழும் அதற்கு விலக்கல்ல.