அவர் ஏன் உட்காருவதே இல்லை?

பத்து நிமிடக் குறும்படத்துக்குப் பதினான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது கணக்கு. நான்கு பக்கம் கூடிப்போனது பெரிய குறை இல்லை. படித்த நண்பர் கேட்டதுதான் உறைத்தது. "வேன்காரர் நல்லவர், சரி. அவருக்கு என்னதான் வேணும்?"

பதில் இல்லை. கதை இதுதான்: பள்ளி வேன் ஓட்டும் அறுபது வயதுக்காரருக்குக் கண் மங்குகிறது, அதை வீட்டில் மறைக்கிறார். நான் எழுதியதில் எல்லாம் அவருக்கு நடந்துகொண்டே இருந்தன. அவர் எதையும் செய்யவில்லை. அவரை எடுத்துவிட்டு வேறொரு வேன்காரரை உட்கார வைத்தாலும் ஒரு வரிகூட மாறாது. பாத்திரம் உருவாகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

எழுதியதை ஓரமாக வைத்துவிட்டு, அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதத் தொடங்கினேன். லாயோஸ் எக்ரி 1946இல் வெளியிட்ட நாடகக் கலை நூலில் ஒரு மனிதரை உடல், சூழல், மனம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார். அந்த மூன்று தலைப்புகளையே வைத்துக்கொண்டேன்.

முதலில் தாள் நிறைய எழுதினேன். 'தே தாரே பிடிக்கும், பழைய பாட்டுப் பிடிக்கும்' என்று. பிறகு ஒரு விதி வைத்தேன்: எழுதும் ஒவ்வொரு வரியும் அவரை ஏதாவது செய்ய வைக்க வேண்டும். தே தாரே போயிற்று. 'கண்ணில் புரை' நின்றது. காலை ஆறு மணிக்கு இங்கே இன்னும் இருட்டு. எதிரே வரும் வண்டி விளக்கு புரை விழுந்த கண்ணில் சிதறிக் கூசும். ஆகவே அவர் பிள்ளைகளை முகத்தால் அல்ல, குரலால் அடையாளம் காண்கிறார். ஒரு வரி எழுதினேன், ஒரு காட்சி கிடைத்தது.

உடலும் சூழலும் எளிதாக வந்தன. மனம் என்ற தலைப்பில் மாட்டிக்கொண்டேன். ஓட்டுவதை நிறுத்த ஏன் இவ்வளவு பயம்? காசு என்று எழுதினால் பிள்ளைகள் கொடுத்துவிடுவார்கள், கதை முடிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த வேன்காரர் என் அப்பாதான். ஒருநாள் பசியாறும்போது அவரையே கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். தொண்ணூறுகளில் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது மூன்று மாதம் வேலை இல்லையாம். ஆனால் தினமும் விடியற்காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பிவிடுவாராம், அக்கம்பக்கத்தார் வேலைக்குப் போவதாக நினைக்கட்டும் என்று. "பகல்லே வீட்டுல உட்கார்ந்தா என்ன நெனைப்பாங்க?"

முப்பது ஆண்டாக எனக்குத் தெரியாத கதை. உடனே, "இதைப் படத்துலே போடாதேப்பா" என்றார்.

போடவில்லை. போடவேண்டிய அவசியமும் இல்லை. வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவருக்கே உரியது. தெரிந்ததையெல்லாம் வசனமாக்கினால் பாத்திரம் தன் வரலாற்றை ஒப்பிக்கத் தொடங்கிவிடும். எனக்குக் கிடைத்தது அவருடைய நம்பிக்கை: வேலை செய்யாத ஆளுக்கு வீட்டில் இடமில்லை. அதிலிருந்து ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்தேன். என் வேன்காரர் வீட்டில் எங்கும் உட்காருவதில்லை. நின்றே சாப்பிடுகிறார், நின்றே செய்தி பார்க்கிறார். காரணத்தைப் படம் சொல்லாது.

அவர் எப்படி மாறுகிறார் என்பதைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போட்டேன். முடிவில் அவர் செய்யும் ஒரு செயல்: சாவியை மகளிடம் கொடுத்து, இடப்பக்க இருக்கையில் உட்காருகிறார். அப்படியானால் முதல் காட்சி அதற்கு நேரெதிர்: மகள் ஓட்டுவதாகச் சொல்லியும் சாவியைத் தர மறுக்கிறார். இரண்டுக்கும் நடுவே அவரை மாற்றுவது எது? முதலில் மகளின் அறிவுரையை வைத்திருந்தேன். அறிவுரை கேட்டு யாரும் மாறுவதில்லை. இப்போது, வாசலில் சத்தமில்லாமல் நின்ற ஒரு சிறுமியைப் பார்க்காமலே கடந்து போய்விடுகிறார். அவள் இருட்டில் தனியாக நிற்கிறாள். அசம்பாவிதம் எதுவும் இல்லை. ஆனால் குரல் கொடுக்காத பிள்ளை தனக்கு இல்லாத பிள்ளை என்று அவருக்குப் புரிகிறது. இனி தேர்வு அவருடையது.

பத்து நிமிடத்தில் ஒரு நம்பிக்கை, ஒரு நெருக்கடி, ஒரு தேர்வு; அதற்குமேல் தாங்காது. வெளிநாட்டு மகன், வங்கிக் கடன், இனிப்புநீர் மூன்றையும் வெட்டினேன். ஒன்பது பக்கத்தில் முடிந்தது.

அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். தூரத்தில் பிடித்து, நின்றபடியே, மெதுவாகப் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஆளு கடைசியிலே பெல்ட்டு போடலையே?"

போட வைத்துவிட்டேன்.