பதினாறாயிரம் நியாயம்

மேற்கு மாம்பலத்தில் எழுநூறு சதுர அடி வீட்டில் குடியிருக்கும் வாசகர் ஒருவர், தம் வீட்டு உரிமையாளருக்கு எழுதிய கடிதத்தின் நகலை நம்மிடம் காட்டினார். 26-ஆம் தேதி இரவு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்திருக்கிறது: ஒன்றாம் தேதியிலிருந்து வாடகை 14,000 அல்ல, 18,000, அட்வான்ஸும் அதற்கேற்ப ஆறு மாதக் கணக்கில் ஏற வேண்டும். அதாவது ஐந்து நாளில் 42,000 ரூபாய் புரட்ட வேண்டும் என்று பொருள். கூடுதல் வாடகை 4,000, கூடுதல் அட்வான்ஸ் 24,000, மாத வாடகை 14,000 என்று கூட்டினால் 42,000.

கடிதத்தில் கெஞ்சலும் இல்லை, சட்ட மிரட்டலும் இல்லை. “சார், ஒப்பந்தத்தில் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை 5 விழுக்காடு என்று இருக்கிறது. இப்போது கேட்பது 28 விழுக்காட்டுக்கு மேல். காரணம் தெரிந்தால் நன்றாயிருக்கும். இப்போது 15,000 தருகிறேன், பதினொரு மாதம் கழித்து 16,000 ஆக்கிக்கொள்ளலாம். அட்வான்ஸ் அப்படியே இருக்கட்டும்.” இதற்குப் பதிலாக வந்தது ஒரு தொலைபேசி அழைப்பு: “வரி ஏறிப்போச்சு. இஷ்டமிருந்தா இருங்க, இல்லன்னா காலி பண்ணுங்க.”

வரி என்ற காரணம் நிற்காது. சென்னையில் சொத்து வரி பெரிதாக ஏறியது 2022-இல். இவர் குடிவந்தது அதற்குப் பிறகு. 14,000 என்று விலை சொன்னபோதே அந்த வரி உரிமையாளருக்குத் தெரியும். அதன்பின் வந்த சிறு உயர்வு, இந்த அளவு வீட்டுக்கு மாதக் கணக்கில் நூறு ரூபாயைக்கூடத் தொடாது.

ஆனால் உரிமையாளர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அதை அவரே சொல்லத் தெரியாமல் விட்டுவிட்டார். குடிவந்து மூன்று ஆண்டு ஆகப்போகிறது. ஒருமுறைகூட வாடகையை ஏற்றவில்லை. ஒப்பந்தப்படி மூன்று முறை ஐந்தைந்து விழுக்காடு ஏற்றியிருந்தால் 14,700, 15,435 என்று போய் இப்போது 16,207-இல் நின்றிருக்கும். ஆகவே நம் வாசகர் சொல்லும் 15,000 கொஞ்சம் குறைவுதான். ஏற்றாத ஆண்டுகளின் ஆதாயத்தை அனுபவித்தவர், அந்தச் சலுகையே என்றென்றைக்கும் தொடரும் என்று நினைக்கக் கூடாது. அதேபோல, விட்டுக்கொடுத்ததை வட்டியும் முதலுமாக ஒரே இரவில் வசூலிப்பதும் தகாது.

காலி செய்யச் சொல்வது லாபம் என்று நினைக்கும் உரிமையாளர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். இவரே 16,000-க்கு இருந்தால் பதினொரு மாதத்தில் 1,76,000 ரூபாய். இவரை அனுப்பி, ‘டு லெட்’ பலகை மாட்டி, ஒரே ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்து, பிறகு 18,000-க்கு ஆள் வந்தால் 1,80,000. மிஞ்சுவது 4,000. குழாய்க்கும் சுவிட்சுக்குமே அது போய்விடும். குடித்தனக்காரருக்கோ புரோக்கர் கமிஷன், லாரி வாடகை, அட்வான்ஸிலிருந்து பிடிக்கப்படும் பெயின்ட் செலவு என்று எல்லாமே நஷ்டம்தான். இதைத் தெரிந்துகொண்டுதான் “காலி பண்ணுங்க” என்ற சொல் இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், நீதிமன்றம் ஏறி நியாய வாடகை நிர்ணயிக்கக் கேட்க வழி இருந்தது. அதன் இடத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் சட்டம், வாடகையையும் அதன் உயர்வையும் எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் கையில் கொடுத்துவிட்டது. அந்த ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். நம் வாசகரின் ஒப்பந்தம் முதல் பதினொரு மாதத்தோடு காலாவதி. புதுப்பிக்கவும் இல்லை, பதியவும் இல்லை. இதில் இருவருக்குமே பங்கு உண்டு. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளை வெளியேற்றக் கூடாது என்பதில் மட்டும் சட்டம் தெளிவாக இருக்கிறது.

ஆகவே நம் தீர்ப்பு இது. ஐந்து நாள் கெடு வைத்து 18,000 கேட்டது தவறு. கேள்வி கேட்டவரைக் காலி செய்யச் சொன்னது அதைவிடப் பெரிய தவறு. உரிமையாளர் கடிதத்துக்குக் கடிதமாகப் பதில் எழுத வேண்டும். இரண்டு மாதம் கழித்து 16,000 என்று இருவரும் ஒப்புக்கொண்டு, புதிய ஒப்பந்தம் எழுதி, அதைப் பதிந்துகொள்ள வேண்டும். அட்வான்ஸில் கைவைக்க வேண்டாம்: ஏற்கெனவே 84,000 ரூபாய் வட்டியில்லாமல் அவரிடம்தான் இருக்கிறது.