செத்த கடனும் ஒரு கையெழுத்தும்

போன வாரம் மதுரையிலிருந்து மாமா போன் பண்ணியிருந்தார். "மாப்ளே, பழைய கிரெடிட் கார்டு ஆளு வீட்டுக்கே வந்துட்டான்டா. 60,000 குடுத்தா முடிச்சுடலாமாம். இப்ப ஒரு கையெழுத்து மட்டும் போதுமாம்."

அந்த "மட்டும்"தான் உதைத்தது. பேப்பரை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். "பாக்கியை ஒப்புக்கொள்கிறேன், தவணையில் செலுத்த உறுதியளிக்கிறேன்" என்று இருந்தது.

மாமா கடைசியாக செக் கொடுத்துக் கட்டியது 2016 மே மாதம். அசல் பாக்கி 48,000 ரூபாய். அப்புறம் வேலை போச்சு, கட்டலை. 1963-ஆம் வருஷத்து லிமிடேஷன் சட்டப்படி இந்த மாதிரி கடனுக்கு கேஸ் போட மூணு வருஷம்தான். ஆக 2019-லேயே கதை முடிஞ்சது.

ஊர்ல வட்டிக்கு விடறவங்க இதுல கில்லாடிங்க. மூணு வருஷம் முடியறதுக்குள்ள புரோநோட்டு பின்னாடி ஒரு வரவு எழுதி கையெழுத்து வாங்கிடுவாங்க. அன்னையிலிருந்து புதுசா மூணு வருஷம். ஆனா கெடு முடிஞ்ச பிறகு வெறுமனே "ஆமா, கடன் இருக்கு"ன்னு எழுதிக் கொடுத்தால் அந்தக் கணக்கு திரும்ப ஓடாது.

அப்போ மாமா கையெழுத்து போட்டா என்ன? இங்கதான் வில்லங்கம். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், பிரிவு 25(3). காலாவதியான கடனையும் "கட்டுகிறேன்" என்று எழுதி கையெழுத்து போட்டால் அது புது ஒப்பந்தம். அதை வைத்து கேஸ் போடலாம். செத்ததா நினைச்சது எழுந்து உட்கார்ந்துடும்!

அதுக்காக, கெடு முடிஞ்சா கடனே இல்லைன்னு நினைக்காதீங்க. கோர்ட் கதவு மட்டும்தான் மூடுது. நம்ம பாஷையில சொன்னா செஷன் எக்ஸ்பயர் ஆயிடுச்சு, அக்கவுண்ட் டெலிட் ஆகலை. காலை 8 மணியிலிருந்து மாலை 7 மணிக்குள்ள போன் பண்ணி மரியாதையா கேட்கலாம். சிபிலில் கட்டாத கணக்காகவே தெரியலாம். அதே வங்கியில் சேமிப்புக் கணக்கு இருந்தால் அதில் கை வைக்கப் பார்க்கலாம். சம்மன் வந்தா மட்டும் "அதான் காலாவதி ஆச்சே"ன்னு வீட்ல உட்காரக்கூடாது. கெடு தாண்டிய வழக்கை நாம சொல்லாவிட்டாலும் கோர்ட் தள்ளுபடி செய்யணும்தான். ஆனா எதிராளி வேற தேதியைக் காட்டினா, மறுக்க அங்க ஆள் வேணுமே.

மாமாவுக்கு மனசு உறுத்தல். "வாங்குன காசுடா" என்கிறார். அது நியாயம்தான். ஆனா பயமுறுத்தி வாங்கற கையெழுத்து நியாயமில்லை என்பது என் கட்சி. கட்டறதா இருந்தா, "இந்தத் தொகையோடு கணக்கு முடிந்தது" என்று முதல்ல வங்கி லெட்டர்ஹெட்டில் வாங்கிட்டு, ஒரே தடவையில் கட்டட்டும். தவணை, உறுதிமொழி எல்லாம் வேண்டாம்.

லெட்டர்ஹெட் கேட்டதிலிருந்து அந்த ஆள் வரலையாம். பேப்பர் இன்னும் காலண்டர் பின்னாடி சொருகி இருக்கு, கையெழுத்து இல்லாமல்.